யாரோ ஒருவரைப் பற்றிய கவிதை

வர்ணிகா கவிதையை நீட்டியபோது தமிழம்மா விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் பரிமளா. திருப்பூரில் அந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. தமிழம்மா என்றால் அவர்தான். அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் பல நேரம் பதிலுக்குப் பதிலாக ஒரு வேலை கொடுப்பார்.

போதைப்பொருள் எதிர்ப்பு நாளுக்காக மாவட்ட அளவில் கவிதைப் போட்டி அறிவித்திருந்தார்கள். சொந்தக் கவிதையாக இருக்கவேண்டும். மூன்று நிமிடத்துக்குள் மேடையில் வாசித்து முடிக்கவேண்டும். யார் பெயரையும் குறிப்பிடக்கூடாது. பள்ளியின் சார்பில் பதினொன்றாம் வகுப்பு வர்ணிகா போவதாக முடிவாகியிருந்தது. பேச்சோ கவிதையோ, எதற்குப் போனாலும் கோப்பையோடு திரும்புகிறவள் அவள்.

தமிழம்மா தாளை வாங்கிப் படித்தார்.

*விழித்தெழு இளைஞனே, வீரமாய்ப் புறப்படு!*
*போதை என்னும் அரக்கனைப் பூண்டோடு அழித்திடு!*
*புழுவாய் நெளிந்திடும் போதையின் அடிமையே,*
*அழிவாய் ஒருநாள், அதுதான் உன் முடிவே!*

இப்படியே இருபது வரி. மோனை ஓரிடத்திலும் தவறவில்லை.

"எப்படிங்கம்மா இருக்கு?"

தமிழம்மா எழுந்தார். "வா."

ஒன்பதாம் வகுப்பு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஆசிரியர் வராத பாடவேளை. "இந்த அக்கா ஒரு கவிதை வாசிப்பாங்க, கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார்.

வர்ணிகா வாசித்தாள். 'அழித்திடு' வந்த இடத்தில் கையை ஓங்கினாள். முடிந்ததும் வகுப்பே கை தட்டியது. பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான்.

"நல்லாயிருந்துச்சா?" என்று தமிழம்மா கேட்டார்.

"சூப்பருங்கம்மா."

"யாரைப் பத்தின கவிதை?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "போதை சாப்பிடுறவங்களைப் பத்திங்கம்மா. யாரோ ஒருத்தரைப் பத்தி."

"உங்கள்ல யாரைப் பத்தியாவது இருக்கா?"

"இல்லீங்கம்மா" என்று எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் தமிழம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தார். சிவப்பு மையால் ஒரு கோடுகூடப் போடவில்லை.

"திருத்தம் ஒண்ணும் இல்லீங்களாம்மா?"

"அந்த யாரோ ஒருத்தருக்கு வீடு எங்க கண்ணு?"

வர்ணிகாவுக்கு முகம் சிவந்தது. "தெரியலீங்கம்மா" என்றாள்.

பொய். அந்த யாரோ ஒருத்தன் அவள் வீட்டில்தான் படுத்திருந்தான்.

*

அண்ணன் நவநீதன் அவளுக்கு இரண்டு வயது மூத்தவன். அதே பள்ளியில் வாலிபால் விளையாடினவன். வலைக்கு மேலே எழும்பினால் ஒரு நொடி அங்கேயே நிற்பதுபோல் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டான். பனியன் கம்பெனியில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனான். இப்போது அதற்கும் ஒழுங்காகப் போவதில்லை.

அம்மா பனியன் கம்பெனியில், தைத்ததில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை செய்தார். அப்பா லாரியில் வடக்கே போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். "சேர்க்கை சரியில்ல, அதான் இப்படித் தூங்கறான்" என்று அம்மா சொல்லுவார். வர்ணிகாவுக்கு அது மட்டும் இல்லை என்று தெரியும். அவன் உட்கார்ந்தபடியே தலை தொங்கிப்போவான். பேசப் பேசக் கண் செருகும். மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பான். நல்ல நிழலில் இருக்கும்போதும் கண்ணின் கருமணி கடுகு மாதிரி சுருங்கியிருக்கும். சட்டைப் பையில் மாத்திரை அட்டையின் காலி உறையை அவளே ஒருமுறை துவைக்கும்போது எடுத்திருக்கிறாள். ஆப்பரேஷன் செய்தவர்களுக்குக் கொடுக்கிற வலி மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாதது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

அன்று சாயங்காலம் வாசலில் நின்று கவிதையை ஒப்பித்துப் பார்த்தாள். உள்ளே நவநீதன் தூங்குகிறான் என்று நினைத்தாள். முடித்துத் திரும்பினால் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"போட்டிக்கா பாப்பா?"

"ம்."

"நல்லாயிருக்கு. கை தட்டுவாங்க."

அவள் தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஆனா இதைக் கேட்டா நான் நிறுத்தமாட்டேன்" என்றான். கோபம் இல்லாத குரல். "கேட்டுட்டுப் போய் இன்னொண்ணு போடுவேன். புழுன்னு ஆனதுக்கப்புறம் புழுவுக்கு என்ன?"

முதன்முதலாக அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது.

"எப்படிண்ணா ஆரம்பிச்சுது?"

அவன் படியில் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள்.

"முட்டி வலிச்சுது. மூட்டை தூக்கி முதுகும் போச்சு. பிரசாத்து ஒண்ணு கொடுத்தான்."

"உன்கூட ஒரே டப்பாவுல சாப்பிடுவானே, அந்தப் பிரசாத் அண்ணனா?"

"அவனேதான். ஸ்கூல் கேட்டுல எவனோ மிட்டாய் கொடுப்பான்னு நமக்குச் சொல்லித் தர்றாங்கல்ல. அப்படி யாரும் வரலை. கெடுக்கணும்னு அவனும் கொடுக்கலை. அவனுக்கு வலி போச்சு, எனக்கும் போகட்டும்னு கொடுத்தான்."

"போச்சா?"

"வலி மட்டுமா? எல்லாமே போச்சு பாப்பா. மொத வாரம் மேகத்துல நடந்த மாதிரி. அப்புறம் ஒண்ணு பத்தலை. அப்புறம் ரெண்டு பத்தலை." உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இப்பல்லாம் சந்தோஷத்துக்குப் போடலை. அது எப்பவோ தீர்ந்துபோச்சு. போடலைன்னா மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியா வரும், உடம்பெல்லாம் சிலிர்க்கும், கால் நரம்பை யாரோ இழுக்கிற மாதிரி இருக்கும், வயிறு போகும். எழுந்து நிக்கிறதுக்குப் போடறேன். அவ்வளவுதான்."

தெருவில் ஒரு வண்டி துணிப்பொதியோடு போனது. அது திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை எழுதட்டுமாண்ணா?"

அவன் படியிலிருந்து எழுந்தான். "பேரு போடாத."

*

மறுநாள் காலையில் அவள் பழைய கவிதையை மடித்து வைத்துவிட்டுப் புதிதாக உட்கார்ந்தாள். மோனை தேடவில்லை. எழுதி முடித்ததும் தமிழம்மாவிடம் கொண்டுபோகவில்லை. அண்ணனிடம் போனாள்.

முதல் வரிகளை வாசித்தாள்.

*என் சைக்கிள் காணாமல் போன அன்று*
*என்னோடு சேர்ந்து தேடினவன் அவன்...*

நவநீதன் தலை நிமிர்ந்தான். அவள் நிறுத்தாமல் அந்தப் பத்தியை முடித்தாள். *விற்றதும் அவன்தான்* என்று அது முடிந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா. நம்மூர் ராயபுரத்துல ஒரு பொண்ணு ஓட்டிட்டுப் போறதைப் பார்த்தேன். நான் ஒட்டின மயில் ஸ்டிக்கர் அப்படியே இருந்துச்சு."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா நீ என்னைப் பார்க்கிறதை நிறுத்திருவியோன்னு பயமா இருந்துச்சு."

அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "தேடின அன்னிக்கு உன் தலைக்குக் கைக்குட்டை விரிச்சேன்ல. அது நிஜந்தான் பாப்பா. வெயில் உனக்கு ஆகாதுன்னுதான் விரிச்சேன்."

"அதான் அதையும் எழுதினேண்ணா."

கடைசிவரை கேட்டான். அப்போது அந்தக் கவிதை, 'வேண்டாம் என்று சொல்' என்ற வரியோடு முடிந்திருந்தது.

"சரி" என்றான். "இன்னும் வாங்காதவனுக்குச் சொல்லிட்ட. ஏற்கெனவே போட்டவன் என்ன பண்ணுவான்? அவனுக்கு இதுல ஒண்ணுமே இல்லையே."



அந்தக் கேள்வியை வர்ணிகா தமிழம்மாவிடம் கொண்டுபோனாள். இந்தமுறை வீடு எங்கே என்று அவர் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஆசிரியர் அறையில் ஆளில்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். தமிழம்மா குறுக்கே பேசவில்லை. வாலிபால் ஆடின நவநீதனா என்று மட்டும் கேட்டார். அவனுக்கும் அவர்தான் தமிழ் எடுத்திருந்தார்.

"ஏற்கெனவே போட்டவனுக்கு என்ன எழுதறதுங்கம்மா?"

தமிழம்மா தாளை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரி வாசலுக்கு வா. அண்ணனையும் அம்மாவையும் கூட்டிட்டு வா."

"அம்மாவுக்கு இன்னும் தெரியாதுங்கம்மா."

"அப்ப இன்னிக்குச் சொல்லணும்."

*

அம்மாவுக்குச் சொன்னது நவநீதன்தான். வர்ணிகா சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். அம்மா அழுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்தார். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, எதையோ தேடுவதுபோல் பார்த்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு பின்கட்டிடத்தில் இருந்தது. தமிழம்மா அவர்களுக்கு முன்பே வந்து சீட்டு வாங்கி வைத்திருந்தார். டாக்டர் ஓர் இளம்பெண். நவநீதனை உட்காரச் சொல்லி, எந்த மாத்திரை, எவ்வளவு நாளாக, கடைசியாக எப்போது என்று கேட்டார். ஜுரத்துக்குக் கேட்பது போலவே கேட்டார். 'ஏன்' என்று கேட்கவில்லை.

அவன் பதில் சொல்லிவிட்டுத் தயங்கினான். "போலீசுக்குச் சொல்லுவீங்களா?"

"வைத்தியத்துக்கு வந்தவங்க பேரை நாங்க வெளியில சொல்றதில்லை."

"நானே வீட்ல நிறுத்திரட்டுமா மேடம்? ஒருதடவை ரெண்டு நாள் நிறுத்தினேன்."

"அப்புறம்?"

"தாங்க முடியலை. திரும்பப் போட்டேன்."

"அதுதான் பயம் தம்பி. கொஞ்ச நாள் நிறுத்தினதும் உடம்பு பழக்கம் விட்டிருக்கும். அப்பப் போய்ப் பழைய அளவைப் போட்டா மூச்சு நின்னுபோயிரும். நிறையப் பேரு அப்படித்தான் போறாங்க. இங்க இரு. கஷ்டத்தைக் குறைக்க மருந்து தர்றோம். மொத நாலஞ்சு நாள் மோசமா இருக்கும். அப்புறம் இறங்கும்."

"அதோட சரியாயிருமா?" என்று அம்மா கேட்டார்.

டாக்டர் உடனே தலையாட்டிவிடவில்லை. "உடம்பு தெளியும்மா. ஆசை தெளிய மாசக்கணக்காகும். கவுன்சிலிங் வரணும், நாங்க தர்ற மாத்திரையை விடாம எடுக்கணும், அந்த நண்பர்களைக் கொஞ்சகாலம் தள்ளி வைக்கணும். நடுவுல ஒருதடவை வழுக்கி விழுந்தாலும் விழுவான். விழுந்தா ஒளிச்சு வைக்காம கூட்டிட்டு வாங்க. திட்டமாட்டோம்."

கூட ஒருவர் தங்கவேண்டும் என்றார்கள். அம்மா கம்பெனிக்கு லீவு சொன்னார்.

மூன்றாம் நாள் வர்ணிகா பார்க்கப் போனபோது அண்ணன் போர்வைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நின்றது. அம்மா அவன் காலை அமுக்கிக்கொண்டிருந்தார். "போயிரு பாப்பா, பார்க்காத" என்றான். அவள் போகவில்லை. இன்னொரு காலை அவள் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் போனபோது கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். "உப்பே இல்ல" என்று குறை சொன்னான். அம்மா அதைக் கேட்டுவிட்டு வெளியே வராந்தாவில் போய் அழுதார்.

அன்று பள்ளிக்குப் போய், கவிதையை முடிக்கத் தமிழம்மாவிடம் தாளைத் திருப்பிக் கேட்டாள். அவர் எதுவும் கேட்காமல் இழுப்பறையைத் திறந்தார்.

*

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் பெரிய பதாகை. நடுவர்கள் மூன்று பேர். கருத்துக்கு, மொழிநடைக்கு, வாசிப்புக்கு என்று தனித்தனியாக மதிப்பெண்.

வர்ணிகாவுக்கு முன்னால் வாசித்தவள் சம்யுக்தா, வேறொரு பள்ளி மாணவி. மேடை அதிர வாசித்தாள். அரக்கன் வந்தான், நாகம் வந்தது, தீப்பந்தம் வந்தது. மண்டபம் கை தட்டித் தீர்த்தது.

பிறகு வர்ணிகா போனாள். கையை ஓங்கவில்லை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று, எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் வாசித்தாள்.

*என் சைக்கிள் காணாமல் போன அன்று*
*என்னோடு சேர்ந்து தேடினவன் அவன்.*
*பள்ளத்தில் பார்த்தோம், பஸ் நிலையத்தில் பார்த்தோம்.*
*வெயிலில் என் தலைக்குத் தன் கைக்குட்டையை விரித்தான்.*
*விற்றதும் அவன்தான்.*

*முதல் மாத்திரையைக் கொடுத்தது*
*இருட்டில் நின்ற எவனோ இல்லை.*
*ஒரே டப்பாவில் சாப்பிட்ட நண்பன்.*
*வலி போகும் என்றான். போனது.*
*பிறகு பசி போனது. பந்து போனது.*
*அம்மா கூப்பிட்டால் திரும்பும் முகம் போனது.*
*வலி மட்டும் திரும்பி வந்தது,*
*மாத்திரை இல்லாத ஒவ்வொரு காலையிலும்.*
*இன்று அவன் பறப்பதற்காகப் போடவில்லை,*
*எழுந்து நிற்பதற்காகப் போடுகிறான்.*

*உன்னிடமும் ஒருவன் நீட்டுவான்.*
*உனக்குப் பிடித்தவனாகத்தான் இருப்பான்.*
*வேண்டாம் என்று சொல்.*
*சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும்.*

*ஏற்கெனவே வாங்கிவிட்டாயா?*
*பெரியாஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு கதவு உண்டு.*
*அங்கே யாரும் உன்னைப் புழு என்று கூப்பிடுவதில்லை.*
*வா, கூட வருகிறேன்.*
*சைக்கிள் இல்லை,*
*நடந்தே போகலாம்.*

யாரும் உடனே கை தட்டவில்லை. முடிந்துவிட்டதா என்று சிலர் பார்த்தார்கள். பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டது.

நடுவர்களில் மூத்தவர் முடிவு சொல்லும்போது அவளையும் குறிப்பிட்டார். "சைக்கிள் கவிதை வாசித்த பெண் உருக்கமாக வாசித்தாள். ஆனால் இது எழுச்சியூட்டும் மேடை. கொஞ்சம் முழக்கம் வேண்டும் அம்மா. அடுத்தமுறை பார்."

முதல் பரிசு சம்யுக்தாவுக்கு. வர்ணிகாவுக்குக் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் கோப்பை இல்லாமல் மேடையிலிருந்து இறங்கியது அதுதான் முதல் தடவை.

வெளியே தண்ணீர்க் குழாயருகே தமிழம்மாவுக்காகக் காத்திருந்தபோது யாரோ பின்னால் வந்து நின்றார்கள். சம்யுக்தா. கோப்பையைத் துப்பட்டாவால் மூடி இடுப்போடு அணைத்திருந்தாள்.

"அக்கா."

"வாழ்த்துகள். ரொம்ப நல்லா வாசிச்சீங்க."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். "அந்தக் கதவு நிஜமாவே இருக்குதாக்கா?"

வர்ணிகா அவளைப் பார்த்தாள். மேடையில் இடிபோல் முழங்கின குரல் இப்போது பக்கத்தில் நிற்பவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இருக்கு."

"திட்டமாட்டாங்களா?"

"திட்டமாட்டாங்க. ஏன்னுகூடக் கேட்கலை."

"அப்பா அடிப்பாரு. அதான் வீட்ல யாருக்கும் சொல்லலை."

வர்ணிகா விவரம் கேட்டுக்கொண்டாள். பிறகு சான்றிதழின் பின்பக்கத்தில் வழி எழுதிக் காட்டினாள். எந்த வாசல், எந்தப் படி, சீட்டு எங்கே வாங்கவேண்டும், டாக்டர் எந்தக் கிழமைகளில் இருப்பார், எல்லாம். கீழே தன் அம்மாவின் தொலைபேசி எண்ணையும் எழுதினாள்.

"தனியாப் போகாதீங்க. கூப்பிடுங்க, நான் வர்றேன். எங்கம்மாவும் வருவாங்க. உங்கப்பாகிட்ட அம்மா பேசுவாங்க."

சம்யுக்தா சான்றிதழை நான்காக மடித்துக் கோப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

*

திரும்பும் பேருந்தில் வர்ணிகாவுக்கும் தமிழம்மாவுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைத்தது. வர்ணிகா ஜன்னலோரம். கை வெறுமையாக இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சான்றிதழ் எங்க?" என்று தமிழம்மா கேட்டார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். தமிழம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

பேருந்து பாலத்தில் ஏறி இறங்கியது. வர்ணிகா கேட்டாள்.

"அம்மா, முழக்கமும் சேர்த்திருக்கலாமோ? பள்ளிக்கூடத்துக்குக் கோப்பை வந்திருக்கும். நான் தோத்துட்டேனுங்களா?"

தமிழம்மா வேறொன்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு யாருக்காகக் கேட்டா?"

"தம்பிக்குங்கம்மா."

"வயசு என்னவாம்?"

"பதினஞ்சுன்னு சொன்னா."

"எத்தனை நாளாச்சாம்?"

"இந்தக் கோடை லீவுல இருந்துதான், அவளுக்குத் தெரிஞ்சு."

தமிழம்மா முதல்முறையாக அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார். மடியில் கிடந்த அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப இன்னும் நேரம் இருக்கு கண்ணு."